எச்சிலை விழுங்க முடிகிறதா?

தொண்டை வலி வராத மனிதர் இல்லை. அதில் பெரும்பகுதி வைரஸால் வருவது. சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். வெந்நீரும் உப்பு நீர்க் கொப்பளிப்பும் பாராசிட்டமாலும் போதும் என்று மருத்துவர்களே சொல்வார்கள். அது சரியான அறிவுரைதான், அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த அறிவுரை பொருந்தாத ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு நோய் தொண்டையில் இருந்தாலும் ஆபத்து தொண்டையில் இல்லை, மூச்சு போகும் வழியில் இருக்கிறது. அவர்களை மற்றவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டை எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு சிவந்திருக்கிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்பவை இந்த ஆபத்தை அளக்கும் கோல்கள் அல்ல. எச்சில் எங்கே போகிறது, குரல் எப்படி ஒலிக்கிறது, மூச்சு சத்தமிடுகிறதா என்ற மூன்றும்தான் அளவுகோல்கள். இவற்றை அறிய டார்ச் விளக்குகூட வேண்டாம், எட்ட நின்று பார்த்துக் கேட்டாலே போதும்.

உலகம் நன்கறிந்த ஒரு நோயாளியின் கடைசி நாளை எடுத்துக்கொள்வோம். 1799 டிசம்பர் 12 அன்று, அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன், மவுண்ட் வெர்னானில் தம் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்கக் குதிரையில் போனார். பனியும் ஆலங்கட்டியும் குளிர்மழையும் மாறி மாறிக் கொட்டிய நாள் அது. மறுநாள் தொண்டை வலிப்பதாகச் சொன்னார். ஆனாலும் பிற்பகலில் வெளியே போய், வெட்ட வேண்டிய மரங்களைக் குறித்துவிட்டு வந்தார். மாலையில் குரல் கம்மியிருந்தது. ஏதாவது மருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று செயலாளர் டோபியஸ் லியர் சொன்னதற்கு, சளிக்கெல்லாம் தாம் மருந்து சாப்பிடுவதில்லை, வந்த வழியே போகட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். வயது 67, உடல் திடமானது. அந்த நிலையில் அது தவறான முடிவும் அல்ல. குரல் கம்முவது சாதாரணச் சளியிலும் வருவதுதான்.

14ஆம் தேதி விடியலுக்கு முன், 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில், அவர் மனைவியை எழுப்பினார். பேச முடியவில்லை, மூச்சு விடச் சிரமமாக இருந்தது. மனைவி எழுந்து ஆளைக் கூப்பிடப் போனபோது, குளிர் பட்டு அவருக்கும் உடம்புக்கு வந்துவிடும் என்று வாஷிங்டன் தடுத்துவிட்டார். விடிந்து லியர் வந்து பார்த்தபோது, சொன்ன சொல் ஒன்றுகூடச் சரியாகப் புரியவில்லை. வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து ஒரு மருந்து கொடுத்தார்கள். ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை; விழுங்க முயன்ற ஒவ்வொரு முறையும் உடம்பு துடித்தது, மூச்சு முட்டியது. முதல் மருத்துவர் ஜேம்ஸ் கிரெய்க் வந்து சேர்ந்தது காலை 9 மணி வாக்கில். அதாவது குரலும் மூச்சும் ஒருசேரக் கெட்டு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆன பிறகு. அன்று முழுதும் அந்தக் கால வழக்கப்படி நாளத்தைக் கீறிக் குருதியை வெளியேற்றினார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் எடுத்திருப்பார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பிற்பகலில் வந்த மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக், மேலும் குருதி எடுப்பதை எதிர்த்தார். மூச்சுக்குழலில் துளையிட்டு வழி ஏற்படுத்தலாம் என்றும் சொன்னார். அந்த அறுவை அப்போது மிக அரிது, மற்றவர்கள் துணியவில்லை. இரவு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் உயிர் பிரிந்தது.

அது என்ன நோய் என்று இருநூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் விவாதித்து வருகிறார்கள். இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது குரல்வளை மூடியின் அழற்சி என்பதை. நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் இலை வடிவில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது மடிந்து குரல்வளையின் வாயை மூடுகிறது. உணவு மூச்சுக்குழலுக்குள் போகாமல் காக்கிறது. அதன் பெயரே குரல்வளை மூடி. அந்த மூடியும் அதைச் சுற்றிய சதையும் பாக்டீரியாத் தொற்றால் சில மணி நேரத்தில் வீங்கிப் பருத்துவிட்டால், காக்க வேண்டிய கதவே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த அடைப்பு முழுமையாகுமுன் உடல் தரும் அறிகுறிகள்தான் நாம் பேசிக்கொண்டிருப்பவை. அவை தனித்தனியான நான்கைந்து விஷயங்கள் அல்ல, ஒரே இடுக்கத்தின் வெவ்வேறு முகங்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

முதலில் எச்சில். நம் வாயில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்கு உமிழ்நீர் சுரக்கிறது. அதை நாம் அறியாமலே, தூக்கத்திலும்கூட, விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். சாதாரணத் தொண்டை வலிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது எச்சிலை விழுங்கிவிடுவார். வலிக்கிறது, ஆனால் இறங்குகிறது. வழியே அடைபடும்போது, அல்லது விழுங்கினாலே மூச்சு நிற்பதுபோல் ஆகும்போது, உடல் விழுங்குவதையே நிறுத்திவிடுகிறது. பெரியவர் கிண்ணத்திலோ துணியிலோ துப்பிக்கொண்டே இருப்பார். குழந்தையின் வாய்நீர் கடைவாயில் வழிந்து சட்டையை நனைக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘விழுங்கினால் வலிக்கிறதா’ என்பதல்ல, ‘எச்சிலை விழுங்க முடிகிறதா’ என்பதுதான். முதல் கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு ‘முடியவில்லை’ என்று தலையசைப்பவரைத்தான் உடனே அழைத்துப் போக வேண்டும்.

அடுத்தது குரல். இங்கே இரண்டு மாற்றங்களைக் குழப்பிக்கொள்கிறோம். கத்தினாலும் சளி பிடித்தாலும் குரல் நாண்கள் தடித்துக் குரல் கரகரக்கும், கம்மும். அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. நான் சொல்வது வேறு. குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் இடம் வீக்கத்தால் நிரம்பிவிட்டால், ஒலி எதிரொலிக்க இடம் இல்லாமல் அமுங்கிப்போகும். சூடான இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு பேசினால் எப்படியிருக்குமோ அப்படி, கொழகொழவென்று, சொற்கள் உருப்படாமல் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆளின் வழக்கமான குரல் தெரியும் என்பதால், முதலில் இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அவர்களே. தொலைபேசியில் கேட்டால்கூடத் தெரியும்.

மூன்றாவது மூச்சின் ஒலி. ஆஸ்துமாவில் வரும் இழுப்பை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அது பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் விசில் ஒலி. மேல்வழி அடைப்பில் வருவது அப்படியல்ல. மூச்சை உள்ளே இழுக்கும்போது, கழுத்திலிருந்து, கரடுமுரடாகவோ கீச்சென்றோ, சில வேளை விழித்திருக்கும்போதே குறட்டை போலவோ கேட்கும். வழி குறுகினால் மூச்சுக்குத் தடை எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கைக்குழந்தையின் மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் விட்டம் பாதியாகிறது, தடை 16 மடங்காகிறது. 8 மில்லிமீட்டர் வழியுள்ள பெரியவருக்கு அதே 1 மில்லிமீட்டர் வீக்கத்தில் தடை மூன்று மடங்கு சொச்சம்தான். குழந்தை சில மணி நேரத்தில் மோசமாவதும், பெரியவர் ஓரிரு நாள் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். கடைசி ஒரு மில்லிமீட்டருக்குத்தான் விலை மிக அதிகம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒலி கேட்கத் தொடங்கிவிட்டதென்றால் கையிருப்பில் இருந்த இடமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இந்த மூன்றோடு உடலே ஒரு நான்காவது சாட்சி சொல்லும். அது உட்காரும் விதம். அடைப்புள்ள குழந்தை படுக்க மறுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, கைகளை ஊன்றி, முகவாயை நீட்டி, வாயைத் திறந்து வைத்திருக்கும். வீங்கிய மூடி பின்னால் சரியாமல் இருக்கவும் எச்சில் வெளியே வடியவும் அந்த ஒரு நிலைதான் உதவுகிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே உடல் அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்தக் குழந்தையைச் ‘சற்றுப் படுக்க வைப்போம்’ என்று மல்லாத்துவது, அது தானாகத் தேடிக்கொண்ட வழியையும் நாமே அடைப்பதாகும்.

இங்கே சில நியாயமான மறுப்புகள் எழும். முதலாவது, ‘வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம், தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது. இந்த மறுப்பே ஆபத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். வாயைத் திறந்தால் தெரிவது டான்சிலும் உள்நாக்கும் பின்சுவரும்தான். குரல்வளை மூடி அதற்கும் கீழே, நாக்கின் வேருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பெரியவர்களில் இந்த நோய் வரும்போது பலருக்கு எச்சில் வழிவதோ மூச்சில் ஒலியோ தொடக்கத்தில் இருப்பதில்லை. தாங்க முடியாத வலி இருக்கும், ஆனால் வாய்வழியே பார்த்தால் தொண்டை ஏறக்குறைய இயல்பாக இருக்கும். இந்தப் பொருத்தமின்மையைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதும், மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாயை விட்டுக் குரல்வளையை நேரே பார்ப்பதும் அதனால்தான். அறிகுறிகள் இருந்தால் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும். அறிகுறிகள் இல்லாததால் மட்டும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. என் அளவுகோலுக்கு உள்ள எல்லை இது. குழந்தை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சில் வழிந்துகொண்டு மூச்சுக்குத் திணறும் குழந்தையின் நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்க்கவே கூடாது. அது அழுது திமிறும் அந்த நொடியில், மீதமிருக்கும் சிறு வழியும் மூடிக்கொள்ளக்கூடும்.

இரண்டாவது மறுப்பு, ‘பல் முளைக்கும் குழந்தைக்கு எப்போதும்தான் வாய்நீர் வழிகிறது’ என்பது. உண்மை. ஆனால் அந்தக் குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும், கையில் கிடைத்ததைக் கடிக்கும். நான் சொல்வது நேற்றுவரை வழியாத குழந்தைக்கு இன்று காய்ச்சலோடு திடீரென்று வழிவதை. பாலை மறுத்து, விளையாட்டை விட்டு, அசையாமல் உட்கார்ந்து மூச்சிலேயே கவனமாக இருப்பதை. தனி அறிகுறியைவிட அது புதிதாக வந்ததா, கூட என்ன வந்தது என்பதே தீர்மானிக்கிறது.

மூன்றாவது, ‘ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறதே’ என்பது. கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கருவி குருதியில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதை அங்கே கொண்டு சேர்க்க நெஞ்சு எவ்வளவு பாடுபடுகிறது என்று சொல்லாது. மேல்வழி குறுகும்போது உடல் கூடுதல் முயற்சியால் நெடுநேரம் ஆக்சிஜனைச் சமாளித்துவிடும். கழுத்துக் குழியும் விலா இடுக்குகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கும்; எண் மட்டும் நன்றாகவே இருக்கும். தசைகள் களைக்கும்போது எண் சரசரவென்று இறங்கும். உதடு நீலமாவதும் மயக்கமாக இருப்பதும் அந்தக் கடைசிக் கட்டத்து அடையாளங்கள். அவற்றுக்காகக் காத்திருப்பவர் தாமதித்துவிட்டார். மூச்சின் ஒலி திடீரென்று அடங்குவதையும் இதோடு சேர்க்க வேண்டும். வாஷிங்டன் இறப்பதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன் அவருடைய மூச்சு இலகுவாகி, அமைதியாகப் படுத்திருந்தார் என்று லியர் எழுதி வைத்திருக்கிறார். சத்தம் எழுப்பக்கூட வேண்டிய அளவு காற்றோ வலுவோ இல்லாமல் போவதால் வரும் அமைதி அது.

நான்காவது, ‘இப்படிப் பயமுறுத்தினால் தொண்டை வலி என்றாலே எல்லாரும் அவசரப் பிரிவுக்கு ஓடுவார்களே’ என்பது. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் தேவையற்ற அலைச்சலும் செலவும் உண்மையான கேடுகள். ஆனால் இந்த அளவுகோல்கள் ஆட்களைப் பெருக்குவதில்லை, வடிகட்டுகின்றன. எச்சிலை விழுங்குகிறவர், வழக்கமான குரலில் பேசுகிறவர், சத்தமின்றி மூச்சுவிடுகிறவர் பெரும்பாலும் காலைவரை காத்திருக்கலாம் என்ற தைரியத்தையும் இவைதான் தருகின்றன. குரல்வளை மூடி அழற்சி குழந்தைகளில் இன்று அரிதாகிவிட்டதும் உண்மை. அதற்கு முதன்மைக் காரணமாக இருந்த ‘ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி’ என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பு, பென்டாவேலன்ட் தடுப்பூசிக்குள் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் அது 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. ஆனால் இந்த அழற்சியைத் தரும் கிருமிகளில் அந்தத் தடுப்பு தடுப்பது ஒன்றை மட்டும். பெரியவர்களுக்கு மற்றக் கிருமிகளால் அந்த நோய் வருகிறது. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டினால் ஒரு பக்க வலியோடு வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகும், உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்படும், குரல் அதே இட்லிக் குரலாகும். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சொத்தையிலிருந்து நாக்குக்கு அடியில் தொற்று பரவினால் முகவாய்க்குக் கீழே கட்டையாக வீங்கி, நாக்கு மேலெழும்பி வழியை அடைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. தொண்டை அடைப்பான் நோயில் சாம்பல் நிறப் படலமே வழியை மறிக்கும். நோயின் பெயர் எதுவானாலும் வாசல் ஒன்றுதான். அதனால் அறிகுறிகளும் ஒன்றுதான். வீட்டில் இருப்பவர் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வாசலைக் கவனித்தால் போதும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? 108-ஐ அழையுங்கள். ‘தொண்டை வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் கேட்பவரின் முடிவை மாற்றும். மயக்க மருந்து மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் நேரே அங்கே போவது நல்லது. ஊசி போட்டு அனுப்பிவிடும் இடத்தில் நேரம் போகும். வழியில் நோயாளி எப்படி உட்கார விரும்புகிறாரோ அப்படியே இருக்கட்டும். குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். அழவைக்கும் எதையும், ஆக்சிஜன் முகமூடியை வலிந்து பொருத்துவது உட்பட, செய்ய வேண்டாம். வாய்வழியே எதுவும் வேண்டாம். கஷாயமோ தேனோ மாத்திரையோ, தண்ணீரோகூடக் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்கு ஊற்றுவது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். வெல்லப்பாகும் வினிகரும் வாஷிங்டனுக்கு மூச்சை முட்டவைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில், குழந்தையானால் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், மயக்கம் கொடுத்து மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செருகுவார்கள். அது முடியாமல் போனால் கழுத்தில் வழி திறக்க அறுவை மருத்துவர் கையுறையோடு பக்கத்தில் நிற்பார். எலிஷா டிக் கேட்டது அந்த வழியைத்தான். வழி உறுதியானபின் நாளம் வழியே ஆன்டிபயாடிக் ஏறும், வீக்கம் வடியும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் குழாயை எடுத்துவிடுவார்கள்.

கொல்லும் வேகம் இவ்வளவு இருந்தும், நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இவ்வளவு முழுமையாகக் குணமாகும் நோய்கள் குறைவு. வாஷிங்டனின் மருத்துவர்களிடம் இல்லாத குழாயும் மருந்தும் இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் நள்ளிரவு 3 மணிக்கு வீடு தேடி வந்து கதவைத் தட்டாது. அந்த நேரத்தில் படுக்கையறையில் இருப்பது, பேச முடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரும், ‘விடியட்டும் பார்த்துக்கொள்வோம்’ என்ற நினைப்பும்தான். அப்போது விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எச்சிலை விழுங்க முடிகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லும் குரலைக் கேளுங்கள். அடுத்த மூச்சைக் கேளுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.